உறவே கொஞ்சுமொழி: சூலு, கோசா மொழிகளில் அன்புச் சொற்களும் அவற்றின் பொருளும்

சூலு, கோசா மொழிகளில் ஒருவரை அன்போடு அழைப்பதற்கான சொற்களில் பெரும்பாலானவை உறவுமுறைப் பெயர்கள். 'அப்பா', 'அம்மா', 'பாட்டி', 'என் பிள்ளை', 'நம் வீட்டுப் பிள்ளை' என்பன போன்ற சொற்கள் ரத்த உறவுக்குள் மட்டும் நிற்பதில்லை. கடைக்காரர், பக்கத்து இருக்கைப் பயணி, கணவர், நாட்டின் தலைவர் என எல்லோரையும் அவை அழைக்கின்றன. அதனால் இந்த அழைப்புகளை அகராதியில் தேடிச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், இல்லாத உறவொன்று உண்டாகிவிடும். சொன்னவருடைய அன்பும் மரியாதையும் வெளியே நின்றுவிடும்.

இரண்டும் தென்னாப்பிரிக்காவின் ஆட்சி மொழிகள். பான்ட்டு மொழிக் குடும்பத்தின் ங்கூனி கிளையைச் சேர்ந்த இவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. ஒன்றைப் பேசுபவருக்கு மற்றது பெருமளவு புரியும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினரின் வீட்டு மொழி சூலு, 16 விழுக்காட்டினரின் வீட்டு மொழி கோசா. சூலுவின் தாயகம் குவாசூலு-நட்டால் மாகாணம். கோசாவின் தாயகம் கிழக்குக் கேப் மாகாணம்.

அழைப்புச் சொல் உருவாகும் விதம்

இம்மொழிகளில் பெயர்ச்சொல்லின் முன்னால் ஒட்டு ஒன்று இருக்கும். 'உபாபா' என்றால் அப்பா. 'உமாமா' என்றால் அம்மா. ஒருவரை நேரில் விளிக்கும்போது முதல் உயிரெழுத்து விழுந்துவிடும்: 'பாபா', 'மாமா'. இங்கே 'மாமா' என்பது அம்மாவைத்தான் குறிக்கிறது என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோசாவில் அப்பாவை 'டாட்டா' என்றும் 'பாவோ' என்றும் அழைப்பார்கள்.

'என்னுடைய' என்ற பொருள் பெயருக்குப் பின்னால் வரும். பெயர் எந்த வகுப்பைச் சேர்ந்ததோ, அதற்கேற்ப அந்தச் சொல்லின் முதல் எழுத்து மாறும். காதலர்களும் கணவன் மனைவியும் மிகுதியாகப் பயன்படுத்தும் 'ஸ்டாண்ட்வா ஸாமி' என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். 'டாண்ட' என்பது நேசித்தலைக் குறிக்கும் வினையடி. அதிலிருந்து 'நேசிக்கப்படுவது' என்ற பொருளில் 'இஸிடாண்ட்வா' பிறக்கிறது. விளிக்கும்போது முன்னொட்டு சுருங்கி 'ஸ்டாண்ட்வா' ஆகிறது. முன்னொட்டிலுள்ள 'ஸி'க்கு இசைய 'என்' என்பது 'ஸாமி' என்று வருகிறது. கோசாவில் கடைசி உயிர் விழுந்து 'ஸ்டாண்ட்வா ஸாம்' என்றாகும். பொருள் 'என் அன்பே'. உறவுமுறை கலக்காத, காதலுக்கே உரிய தொடர் என்பதால் இதைப் பெயர்ப்பதில் சிக்கல் இல்லை. உறவுமுறைச் சொற்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அச்சொற்களில் சிலவற்றுக்குள் 'யாருடைய' என்பதும் அடங்கியிருக்கிறது. 'உபாபா' என்பது வெறும் அப்பா அல்ல, பேசுபவரின் அப்பா. கேட்பவரின் அப்பாவுக்கு 'உயீஹ்லோ' என்றும், மூன்றாம் ஒருவரின் அப்பாவுக்கு 'உயீஸே' என்றும் தனிச் சொற்கள் உண்டு. அம்மாவுக்கும் அப்படியே: 'உமாமா' என் அம்மா, 'உன்யோகோ' உன் அம்மா, 'உனீனா' அவர் அம்மா. இலக்கண நூல் இவற்றை ஒரே வரிசையில் வைத்தாலும் பேச்சில் இவற்றின் மதிப்பு ஒன்றல்ல. ஒருவரின் முகத்துக்கு நேரே 'உன்யோகோ' என்றால் அது வசவாகவே விழும். பண்பாகப் பேசுபவர் 'உமாமா' என்ற சொல்லையே எடுத்து, 'உன்னுடைய' என்பதைத் தனியே சேர்த்து, 'உமாமா வாகோ' என்பார். கேட்பவரின் தாயையும் தன் தாயைக் குறிக்கும் சொல்லாலேயே குறிப்பதுதான் இங்கே மரியாதை. பட்டியலைப் பார்த்து மொழி கற்ற வெளியூர்க்காரர் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

'என்' என்பதற்குப் பதிலாக 'நம்' என்று சொல்வதும் இம்மொழிகளின் வழக்கம். சகோதரனைக் குறிக்கும் 'உம்ஃபோவேட்டு', சகோதரியைக் குறிக்கும் 'உடாடெவேட்டு' ஆகிய சொற்களின் இறுதியில் 'எங்கள்' என்ற பொருள் இருக்கிறது. கோசாவின் 'ம்ன்டகுவேட்டு' என்பதற்கு 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்பது நேர்ப்பொருள். உடன்பிறந்தவரையும், உடன்பிறந்தவர்போல நெருங்கிய நண்பரையும் அப்படி அழைப்பார்கள். 'ம்ன்டகாபாபா' என்றால் 'அப்பாவின் பிள்ளை'. கூடப் பிறந்தவர் என்பதைத் தந்தையின் வழியாகச் சொல்லும் முறை இது. தமிழிலும் 'எங்கம்மா', 'எங்கண்ணன்' என்றே பேச்சு நடப்பதால், இந்தப் பன்மையைத் தமிழாக்குவதில் இடர் இல்லை. 'என் சகோதரனே' என்று எழுதினால் மேடைப்பேச்சு வாடை வந்துவிடும். இடத்தைப் பார்த்து 'தம்பி', 'அண்ணே' என்று போடுவதே மூலத்துக்கு நெருக்கம்.

யார் அப்பா, யார் அம்மா

சூலு, கோசா சமூகங்களில் தந்தையின் சகோதரர்களும் தந்தையர்தாம். தந்தையின் தம்பியைச் சூலுவில் 'சின்ன அப்பா' என்ற பொருள்படும் சொல்லாலும், தாயின் தங்கையைச் 'சின்ன அம்மா' என்ற பொருள்படும் சொல்லாலும் குறிப்பார்கள். சித்தப்பா, சின்னம்மா என்ற சொற்கள் தமிழில் தயாராக இருக்கின்றன. தந்தையின் சகோதரிக்குச் சூலுவில் 'உபாபெகாஸி' என்று பெயர். 'பாபா' என்பதோடு பெண்பால் விகுதி சேர்ந்தது, அதாவது 'பெண் தந்தை'. தாயின் சகோதரன் இரு மொழிகளிலும் 'மாலூமே'. தாயைக் குறிக்கும் 'மா'வும் ஆணைக் குறிக்கும் பழைய சொல்லும் கூடியது அது. அத்தை தந்தையின் இடத்திலும் தாய்மாமன் தாயின் இடத்திலும் நிற்பவர்கள் என்ற எண்ணத்தை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. ஆனால் தமிழ் 'மாமா' மாமனாரையும் அத்தை கணவரையும்கூடத் தழுவும் சொல். 'மாலூமே' தாயின் உடன்பிறந்தான் என்பதிலிருந்து தொடங்குவதால் 'தாய்மாமன்' என்பதே அதற்குப் பொருந்தும்.

இதே சொற்கள் வயதை அளவுகோலாகக் கொண்டு ஊருக்குள்ளும் பரவுகின்றன. தந்தை வயதுள்ள எந்த ஆணும் 'பாபா' அல்லது 'டாட்டா'. தாய் வயதுள்ள எந்தப் பெண்ணும் 'மாமா' அல்லது சுருக்கமாக 'மா'. பாட்டி வயதுள்ளவர் சூலுவில் 'கோகோ', கோசாவில் 'மக்கூலு'. சற்றே மூத்தவர்களையும் ஒத்த வயதினரையும் 'பூட்டி', 'ஸீஸி' என்று அழைப்பார்கள். அண்ணன், அக்கா என்று பொருள்படும் இந்த இரண்டும் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து வந்தவை. கடன் வந்த சொற்களாயினும் இன்று இவை இல்லாமல் நகரப் பேச்சு நடக்காது.

மூத்த ஒருவரை வெறும் பெயரால் அழைப்பது மரியாதைக் குறைவு என்பதால், உறவுமுறைச் சொல் இங்கே விருப்பப்பட்டால் சேர்க்கும் அணி அல்ல. அதே நேரம், வயதைத் தவறாகக் கணித்தாலும் மனம் நோகும். ஐம்பது வயதுப் பெண்ணை இருபது வயதுக்காரர் 'மா' என்றால் அது இயல்பு. 'கோகோ' என்றால் அவர் முகம் சுளிக்கக்கூடும்.

'என் பிள்ளை' என்ற சொல்லின் எல்லைகள்

மேலிருந்து கீழே வரும் அன்புக்கு மிகவும் பழகிய சொல் சூலுவில் 'ம்ன்டனாமி', கோசாவில் 'ம்ன்டனாம்'. மனிதர் என்று பொருள்படும் 'உமுன்ட்டு' என்ற சொல்லோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'உம்ன்ட்வானா' ஆகிறது, பொருள் குழந்தை. அதோடு 'என்' என்பது ஒட்டிச் சுருங்கியதே 'ம்ன்டனாமி'. தாய் தன் நாற்பது வயது மகனை இப்படி அழைப்பார். முன்பின் அறியாத கிழவி, தனக்கு வழிகாட்டிய இளைஞரையும் இப்படியே அழைப்பார். கீழிருந்து மேலே இச்சொல் போகாது. இளையவர் ஒருவர் மூத்தவரை அப்படி அழைத்தால் அது கேலியாகவோ திமிராகவோ கொள்ளப்படும்.

ஆனால் 'உம்ன்ட்வானா' என்ற அதே சொல், சூலு அரச குடும்பத்தைப் பேசும்போது இளவரசர், இளவரசி என்ற பட்டமாகிவிடும். நெடுங்காலம் குவாசூலுவின் முதலமைச்சராக இருந்து 2023இல் மறைந்த மங்கோசூட்டு பூட்டெலேஸிக்கு இந்தப் பட்டம் வழங்கிற்று. அவரைப் பற்றிய செய்தியில் இச்சொல்லைக் 'குழந்தை' என்று பெயர்த்தால் வாசகர் குழம்பிப்போவார்.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒரு தவறு நேரும். தலைவர், அரசர் என்று பொருள்படும் 'இன்கோஸி'யிலிருந்து 'இன்கோஸிகாஸி' வருகிறது. பிரித்துப் பார்த்தால் 'அரசி'. நடைமுறையிலோ மனைவியை மதிப்போடு குறிக்கும் சாதாரணச் சொல் அது. மனைவிக்கு 'உம்ஃபாஸி' என்ற சொல்லும் உண்டு. அதில் மதிப்புக் குறைவு தொனிப்பதாகப் பலர் கருதுவதால் முன்னதையே விரும்புகிறார்கள். ஆகவே 'இன்கோஸிகாஸி யாமி' என்பதை 'என் அரசியே' என்று பெயர்ப்பது மிகை. பெரும்பாலான இடங்களில் 'என் மனைவி', 'என் வீட்டம்மா' என்பதே போதும்.

கணவன், மனைவி, பிள்ளையின் பெயர்

மரபான குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இதன் பின்னே 'ஹ்லோனிப்பா' என்ற மரியாதை ஒழுக்கம் இருக்கிறது. புகுந்த வீட்டுக்கு வந்த பெண் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயரைப் போல ஒலிக்கும் சொற்களையும் தவிர்க்க வேண்டும் என்பது அதன் கடுமையான வடிவம். மாமனார் பெயர் நம்பிக்கை என்று பொருள்படும் 'டெம்பா' என்றால், நம்பிக்கை என்ற பொதுச் சொல்லுக்கும் அவள் வேறு சொல் தேட வேண்டும். இதற்கென்று பெண்களிடையே மாற்றுச் சொற்களின் தொகுதியே வழங்கிவந்தது. நகரங்களில் இந்த ஒழுக்கம் தளர்ந்துவிட்டாலும், பெயரைத் தவிர்க்கும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை.

பெயர் விலக்கப்பட்ட இடத்தில் பிள்ளையின் பெயர் கைகொடுக்கிறது. மகன் பெயர் ஸீபோ என்றால் கணவர் 'பாபா கா ஸீபோ', மனைவி 'மா கா ஸீபோ': ஸீபோவின் அப்பா, ஸீபோவின் அம்மா. பிள்ளை பெயரைச் சேர்க்காமல் வெறுமனே 'பாபா' என்று கணவரை அழைக்கும் மனைவியரும் உண்டு. இதைத் தமிழில் 'அப்பா' என்று எழுதினால், பேசுவது மகள் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். 'என்னங்க' என்பதோ, பிள்ளையின் பெயர் தெரிந்தால் 'ஸீபோ அப்பா' என்பதோ அதே வேலையைச் செய்யும்.

மனைவியை அழைக்க மற்றொரு வழி அவள் பிறந்த குலத்தின் பெயர். அதன்முன் 'மா' சேரும்: குமாலோ குலத்தில் பிறந்தவள் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாலும் 'மகுமாலோ'தான். ஒரே குலத்துக்குள் திருமணம் விலக்கப்பட்டிருப்பதால், இந்தப் பெயர் அவள் வேறு குலத்தில் பிறந்தவள் என்பதைப் புகுந்த வீட்டுக்கு எப்போதும் நினைவூட்டும். அதே சமயம் அவளுக்கு மரியாதையும் ஆகும். இதிலும் விலக்கு உண்டு. இனஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான ஆல்பர்ட்டினா ஸிஸூலுவை நாடு 'மா ஸிஸூலு' என்றே அழைத்தது. ஸிஸூலு அவர் கணவரின் குடும்பப் பெயர். அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் டெட்டீவே. எனவே 'மா'வுக்குப் பின்னால் வரும் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் பிறந்த வீட்டை முடிவுசெய்துவிட முடியாது.

குலப்பெயர் என்னும் நெருக்கம்

கோசாவில் குலப்பெயரை 'இஸிடூகோ' என்பார்கள். சூலுவில் ஒவ்வொரு குலத்துக்கும் முன்னோரின் பெயர்களைத் தொடுத்த புகழ்ச்சித் தொடர் உண்டு. அதற்கு 'இஸிடகஸேலோ' என்று பெயர். ஒருவருக்கு நன்றி சொல்லும்போதும், ஆறுதல் கூறும்போதும், சாப்பிட அழைக்கும்போதும் அவருடைய குலப்பெயரைச் சொன்னால் அவருடைய முன்னோரையும் சேர்த்து வணங்கியதாக ஆகும். பணிவும் பாசமும் ஒரே சொல்லில் வரும் இடம் இது.

இதற்கு உலகறிந்த சான்று நெல்சன் மண்டேலா. அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. 'நெல்சன்' பள்ளியில் ஆசிரியை இட்ட பெயர். பதினாறு வயதில், ஆண்மகனாக ஏற்கும் சடங்கின்போது பெற்ற பெயர் டாலிபுங்கா. ஆனால் மக்கள் அவரை அழைத்தது 'மடீபா' என்று. அது அவருடைய குலப்பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட டெம்பு தலைவர் ஒருவரிடமிருந்து வந்தது. அயல்நாட்டு இதழ்கள் பலவும் அதைச் செல்லப்பெயராகக் கருதின. செல்லப்பெயர் ஒருவருக்கு மட்டும் உரியது; குலப்பெயரோ அவருடைய தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் பங்காளிகள் எல்லோருக்கும் உரியது. 'டாட்டா மடீபா' என்ற அழைப்பில் வயதுக்குரிய 'அப்பா'வும் குலத்துக்குரிய பெயரும் சேர்ந்து நிற்கின்றன. இதைப் பெயர்க்க முயல்வதைவிட அப்படியே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருவது நல்லது.

ஓர் உரையாடலைத் தமிழாக்கிப் பார்த்தல்

பெயர்ப்பின் வழிமுறையை ஒரு சிறு சூலு உரையாடலில் காணலாம். பேருந்து நிறுத்தத்தில் இளம்பெண் ஒருத்தி, முன்பின் அறியாத முதியவளிடம் பேசுகிறாள் என்று கொள்வோம்.

'ஸானிபோனானி, கோகோ. நின்ஜானி?'
'ங்கிகோனா, ம்ன்டனாமி. வேனா, உன்ஜானி?'
'நாமி ங்கிகோனா, கோகோ.'

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இப்படி வரும்: 'உங்கள் பலரையும் பார்த்தோம், பாட்டி. நீங்கள் பலரும் எப்படி?' 'நான் இருக்கிறேன், என் குழந்தையே. நீ எப்படி?' 'நானும் இருக்கிறேன், பாட்டி.' ஒவ்வொரு சொல்லும் சரி, உரையாடல்தான் பிழை.

முதலில் பார்க்க வேண்டியது வணக்கத்தின் பன்மை. ஒருவருக்குச் சொல்லும் வணக்கம் 'ஸாவுபோனா'. பலருக்குரிய 'ஸானிபோனானி'யை ஒரே மூத்தவரிடம் சொல்வது மரியாதை. 'உன்ஜானி' நிற்க வேண்டிய இடத்தில் 'நின்ஜானி' வந்ததும் அதே காரணத்தால். தமிழில் 'நீங்கள்' இந்த வேலையைத் தானே செய்துவிடும் என்பதால் 'பலரும்' தேவையில்லை. 'ங்கிகோனா' என்பதற்கு 'இங்கே இருக்கிறேன்' என்பது நேர்ப்பொருள். நலம் விசாரித்தவருக்குச் சொல்லும் மறுமொழி என்பதால் 'நல்லா இருக்கேன்' என்பதே அதன் பொருள்.

அடுத்தது பால். 'ம்ன்டனாமி' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சூலு, கோசா வினைச்சொற்களிலும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. தமிழில் பேச்சு இயல்பாக இருக்க வேண்டுமானால் 'அம்மா'வா 'அப்பா'வா என்று முடிவுசெய்தாக வேண்டும். கேட்பவள் பெண் என்பது உரையாடலுக்குள் எங்கும் இல்லை; சூழலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. சூழலும் தெரியாதபோது 'கண்ணு' என்ற சொல் இரு பாலுக்கும் பொருந்தும்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால் உரையாடல் இப்படி அமையும்:

'வணக்கம் பாட்டி. எப்படி இருக்கீங்க?'
'நல்லா இருக்கேன்மா. நீ எப்படி இருக்கே?'
'நானும் நல்லா இருக்கேன் பாட்டி.'

மூலத்தில் 'என் பிள்ளை' என்ற முழுச் சொல், தமிழில் 'மா' என்ற ஓரெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது. இழப்பு போலத் தோன்றினாலும், முதியவள் இளையவளிடம் காட்டும் உரிமை அந்த ஓரெழுத்திலும் 'இருக்கே' என்ற ஒருமையிலும் வந்துவிடுகிறது. மரியாதையை உறவுச்சொல் தனியாகச் சுமக்கும் இடங்களும் மூலத்தில் உண்டு. 'உன்ஜானி, பாபா?' என்பதில் வினை ஒருமைதான். 'பாபா' இருப்பதால் மட்டுமே கேள்வி பணிவாகிறது. அதை 'எப்படி இருக்கே, அப்பா?' என்று எழுதினால் தமிழில் மரியாதை போய்விடும். 'எப்படி இருக்கீங்க, ஐயா?' என்று வினையையும் மாற்ற வேண்டும். மூலத்தின் உறவுச்சொல் சுமந்ததைத் தமிழில் வினைமுற்று பங்கிட்டுக்கொள்கிறது.

எனவே ஓர் அன்புத் தொடரைப் பெயர்க்குமுன் அறிய வேண்டியவை மூன்று: பேசுபவருக்கும் கேட்பவருக்கும் வயது வேறுபாடு என்ன, அவர்கள் உண்மையில் உறவினரா, அருகில் யாராவது இருக்கிறார்களா. தனிமையில் 'ஸ்டாண்ட்வா ஸாமி' என்னும் மனைவியே மாமியார் முன்னிலையில் 'பாபா கா ஸீபோ' என்று மாறக்கூடும். அழைப்பு மாறியதால் அன்பு குறைந்ததாகக் கொள்ளக் கூடாது. கேட்போர் மாறியிருக்கிறார்கள், அவ்வளவே.

உறவு உண்மையா என்பது கதையிலும் செய்தியிலும் இன்னும் முக்கியம். பேசுபவர் ஒருவரை 'உம்ஃபோவேட்டு' என்றால் அவர் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், வெறும் நண்பராகவும் இருக்கலாம். அதே ஆளை வேறொரு குலப்பெயரால் அழைக்கும் வரி பின்னால் வந்தால், தந்தைவழி ரத்த உறவு இல்லை என்பது தெரியும். ஒரே குலத்தவருக்கு ஒரே குலப்பெயர்தான் இருக்கும். அப்படி ஒரு தடயமும் கிடைக்காத இடத்தில், 'உடன்பிறந்த' என்ற சொல்லைத் தவிர்த்து 'அண்ணன்', 'தம்பி' என்று நிறுத்திக்கொள்ளலாம். தமிழிலும் அந்தச் சொற்கள் ரத்த உறவுக்கும் வெளியாருக்கும் பொதுவாக இருப்பதால், மூலத்தில் தெளிவில்லாதது தமிழிலும் அப்படியே தங்கும்.